போன் திருடுபோன பிறகு லாக் செய்ய முடியுமா? முன்கூட்டியே ஆன் செய்ய வேண்டிய செட்டிங்ஸ் என்னென்ன? முழு விவரம்

மாலை 6.40 மணி. தாம்பரத்தில் இருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயில் சைதாப்பேட்டையில் நின்று கிளம்புகிறது. கதவோரம் நின்றபடி கல்லூரி மாணவி ஒருவர் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பிக் கொண்டிருக்கிறார். ரயில் நகரத் தொடங்கிய நொடியில் ஒரு கை போனைப் பறிக்கிறது. பறித்தவர் நடைமேடையில் குதித்து ஓடிவிடுகிறார். அடுத்த நிறுத்தம் மாம்பலம் வரை அந்தப் பெண்ணால் எதுவும் செய்ய முடியாது.

இது ஒரு கற்பனைச் சூழல்தான். ஆனால் மின்சார ரயிலிலோ மாநகரப் பேருந்திலோ தினமும் போகிறவர்களுக்கு இப்படி நடப்பதை நினைத்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

பக்கத்தில் இருப்பவர் "என் போன்ல இருந்து உங்க போனை லாக் பண்ணுங்க" என்று தன் போனை நீட்டுகிறார். அந்தப் பெண் கூகுள் பக்கத்தைத் திறந்து, ஜிமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் சரியாகவே டைப் செய்கிறார். அடுத்து திரையில் ஒரு வாசகம் வருகிறது. உங்கள் போனுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பியிருக்கிறோம், அதில் 'ஆம்' என்பதை அழுத்துங்கள் என்கிறது. அந்த போன் இப்போது திருடன் கையில்.

தொலைந்த போனைத் தேடும் வசதி தன் போனில் இருக்கிறது என்று நம்பிக் கொண்டிருக்கும் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வசதி இருக்கிறது, ஆனால் அதன் சாவியும் அதே போனுக்குள் இருக்கிறது. இதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும்? ஆண்ட்ராய்டு போனை மையமாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கான விவரம் கட்டுரையின் பிற்பகுதியில் உள்ளது.

ஃபைண்ட் ஹப் என்றால் என்ன?

கூகுள் நிறுவனம் முன்பு 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்ற பெயரில் தந்துவந்த வசதிக்கு, 2025ஆம் ஆண்டு முதல் 'ஃபைண்ட் ஹப்' என்று பெயர். போனில் கூகுள் கணக்கு இருந்தால் பெரும்பாலும் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும். ஆனால் 'இருக்கும்' என்று விட்டுவிடாமல் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. போனில் Settings > Google > All services என்று போனால் Find Hub என்ற பெயர் தெரியும். சில போன்களில் மெனு சற்று மாறியிருக்கும். கிடைக்கவில்லை என்றால் Settings பக்கத்தின் மேலே உள்ள தேடும் இடத்தில் Find Hub என்று டைப் செய்தால் வந்துவிடும்.

இது ஆனில் இருந்தால், வேறு எந்த போனில் இருந்தும் கணினியில் இருந்தும் google.com/android/find என்ற முகவரிக்குப் போய் மூன்று வேலைகளைச் செய்யலாம். சைலண்டில் போட்டிருந்தாலும் போனை முழு சத்தத்தில் 5 நிமிடம் ஒலிக்க வைக்கலாம். போனை லாக் செய்து, திரையில் ஒரு தகவலையும் தொடர்பு எண்ணையும் காட்ட வைக்கலாம். கடைசியாக, போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கலாம்.

இவை மூன்றும் நடக்க வேண்டுமானால், தொலைந்த போன் ஆனில் இருக்க வேண்டும், கூகுள் கணக்கு அதில் இருக்க வேண்டும், இன்டர்நெட் இணைப்பும் இருக்க வேண்டும். இருக்கும் இடம் தெரிய லொக்கேஷனும் ஆனில் இருக்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த லொக்கேஷனை எப்போதும் ஆஃப் செய்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்டர்நெட் இல்லாவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாதா?

ஓரளவு முடியும். ஃபைண்ட் ஹப் பக்கத்துக்குள்ளேயே Find your offline devices என்று ஒரு வசதி இருக்கிறது. தொலைந்த போன் புளூடூத் மூலம் ஒரு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கமாகப் போகும் வேறு ஆண்ட்ராய்டு போன்கள் அதைப் பிடித்து, தாங்கள் இருக்கும் இடத்தை கூகுளுக்குச் சொல்லும். அந்த போன்களின் உரிமையாளர்களுக்கு இது எதுவும் தெரியாது. இடத்தின் விவரம் பூட்டப்பட்ட வடிவில்தான் போகிறது என்பதால் போனின் சொந்தக்காரர் மட்டுமே அதைப் பார்க்க முடியும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், இந்த வசதி வழக்கமாக With network in high-traffic areas only என்ற நிலையில் இருக்கும். அதாவது, ரயில் நிலையம், பெரிய மால் போல நிறைய பேர் நடமாடும் இடங்களில்தான் பலன் தரும். அங்கே பல போன்கள் சமிக்ஞையைப் பிடித்தால்தான் இடம் காட்டப்படும். ஊருக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் விழுந்த போனையோ வயல் வரப்பில் விழுந்த போனையோ தேட வேண்டும் என்றால் With network in all areas என்று மாற்றி வைக்க வேண்டும். அப்போது ஒரே ஒரு போன் அந்த வழியாகப் போனாலும் போதும். சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் முக்கியம்.

இந்த வழியில் கிடைத்த இடத்தைப் பார்க்கும்போது தொலைந்த போனின் ஸ்கிரீன் லாக் பின் கேட்கப்படலாம். விரலை வைத்தே திறந்து பழகி, பின் நம்பரையே மறந்துவிட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பின் எது என்று இன்றே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஜிமெயில் பாஸ்வேர்டு இல்லாமலே லாக் செய்வது எப்படி?

இனி அந்த மாணவியின் பிரச்சனைக்கு வருவோம். பாஸ்வேர்டு தெரிந்தும் உள்ளே போக முடியவில்லை. பலருக்கு பாஸ்வேர்டே நினைவில் இருக்காது. இதற்காகவே ஆண்ட்ராய்டில் 'ரிமோட் லாக்' என்ற வசதி இருக்கிறது. 2024ஆம் ஆண்டு கூகுள் அறிமுகம் செய்த திருட்டுத் தடுப்பு வசதிகளில் இதுவும் ஒன்று. ஆண்ட்ராய்டு 10 மற்றும் அதற்குப் பிந்தைய போன்களுக்குக் கிடைக்கிறது.

இதில் கூகுள் கணக்குக்குள் நுழையவே தேவையில்லை. யாருடைய போனிலாவது android.com/lock என்ற முகவரியைத் திறந்து, தொலைந்த போனில் உள்ள மொபைல் எண்ணை மட்டும் டைப் செய்ய வேண்டும். நீங்கள் ரோபோ இல்லை என்பதற்கான சிறு சோதனை வரும். அதை முடித்தால் தொலைந்த போனின் திரை லாக் ஆகிவிடும். பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு நினைவில் இருக்கும் ஒரே விஷயம் தன் சொந்த போன் நம்பர்தான். அதை வைத்தே வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால் இதை முன்கூட்டியே ஆன் செய்திருந்தால்தான் வேலை செய்யும். போன் போன பிறகு ஆன் செய்ய வழியே இல்லை.

ஆன் செய்வது எப்படி?

1. Settings > Google > All services என்ற பக்கத்துக்குப் போய் Theft protection என்பதைத் தேர்வு செய்யுங்கள். கிடைக்கவில்லை என்றால் Settings தேடலில் theft என்று டைப் செய்யுங்கள்.

2. அதில் Remote Lock என்பதை ஆன் செய்யுங்கள். உங்கள் மொபைல் எண்ணைச் சரிபார்க்கும்படி கேட்டால் சரிபாருங்கள். இரண்டு சிம் உள்ள போனில் எந்த எண் சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டைப் செய்ய வேண்டியது அந்த எண்தான்.

3. அதே பக்கத்தில் Theft Detection Lock, Offline Device Lock என்று இன்னும் இரண்டு இருக்கும். இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

முதலாவது, போனை யாரோ பறித்துக்கொண்டு ஓடுவது போன்ற திடீர் அசைவை போனில் உள்ள சென்சார்கள் மூலம் உணர்ந்து திரையைத் தானே லாக் செய்யும். சைதாப்பேட்டையில் நடந்தது போன்ற பறிப்புக்காகவே உருவாக்கப்பட்டது இது. ஆனால் ஒவ்வொரு பறிப்பையும் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. பையில் இருந்து நைசாக உருவினால் அதில் திடீர் அசைவே இருக்காது. இரண்டாவது, திருடன் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு போனை வைத்துக்கொண்டால் சிறிது நேரத்தில் திரையை லாக் செய்யும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஒத்திகை பாருங்கள். உங்கள் போனைத் திறந்த நிலையில் மேஜை மேல் வைத்துவிட்டு, வீட்டில் உள்ள வேறொரு போனில் android.com/lock பக்கத்துக்குப் போய் உங்கள் எண்ணைக் கொடுங்கள். மேஜை மேல் உள்ள போன் லாக் ஆனால் எல்லாம் சரி. இதனால் எதுவும் அழியாது, வழக்கம்போல பின் போட்டுத் திறந்துகொள்ளலாம். லாக் ஆகவில்லை என்றால் ஃபைண்ட் ஹப் ஆஃபில் இருக்கலாம், அல்லது எண் சரிபார்க்கப்படாமல் இருக்கலாம்.

ரிமோட் லாக் எதைச் செய்யாது?

இது திரையை மட்டும்தான் பூட்டும். போன் எங்கே இருக்கிறது என்று காட்டாது, எதையும் அழிக்காது. போனில் இன்டர்நெட்டும் இயங்கும் சிம்மும் இருக்க வேண்டும். முக்கியமாக, உங்கள் ஸ்கிரீன் லாக் பின்னைத் திருடன் முன்பே பார்த்திருந்தால் பூட்டுவதில் பயனே இல்லை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் தோளுக்குப் பின்னால் நின்று பின்னைக் கவனித்துவிட்டு, அதன்பிறகு போனை எடுப்பது திருடர்களின் ஒரு வழி. 1234, பிறந்த வருடம் போன்ற 4 இலக்க பின்னை விட 6 இலக்க பின் பாதுகாப்பானது. பொது இடங்களில் கைரேகை மூலம் திறப்பது இன்னும் நல்லது.

கணக்குக்குள் நுழைய மாற்றுச் சாவி

திரை பூட்டியாகிவிட்டது. அடுத்து போன் இருக்கும் இடத்தைப் பார்க்கவும், தேவைப்பட்டால் அழிக்கவும் கூகுள் கணக்குக்குள் போக வேண்டும். அங்கே மீண்டும் அதே 'உங்கள் போனில் ஆம் என்பதை அழுத்துங்கள்' வந்து நிற்கும். அதற்காக டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆஃப் செய்து வைப்பது தவறு. அது இல்லாவிட்டால் பாஸ்வேர்டு தெரிந்த யாரும் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். சரியான வழி, இன்னொரு சாவியைத் தயார் செய்து போனுக்கு வெளியே வைப்பது.

கூகுள் இதற்காக 'பேக்கப் கோடு' தருகிறது. myaccount.google.com பக்கத்தில் Security பகுதியில் 2-Step Verification என்பதற்குள் போனால் Backup codes இருக்கும். 8 இலக்கத்தில் 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த முடியும். நோட்டிஃபிகேஷன் பக்கம் வந்து நிற்கும்போது வேறு வழியில் முயற்சிப்பதற்கான Try another way என்பதை அழுத்தி, இந்த எண்களில் ஒன்றைக் கொடுத்தால் உள்ளே போய்விடலாம்.

இந்த 10 எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் எந்தப் பலனும் இல்லை. ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு, பாஸ்புக் வைக்கும் இடத்தில் வீட்டிலேயே வையுங்கள். வேண்டுமானால் ஒரே ஒரு கோடை மட்டும் சிறிய சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஜிமெயில் முகவரியோ பாஸ்வேர்டோ எழுத வேண்டாம். வெறும் 8 எண்களை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இன்னொரு எளிய வழி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் அம்மா, கணவர், அண்ணன் என்று நம்பிக்கையான ஒருவரின் மொபைல் எண்ணையும் இரண்டாவது எண்ணாகச் சேர்ப்பது. உங்கள் போன் போனாலும் ஓடிபி அவர்களுக்கு வரும்.

முன்பின் தெரியாதவர் போனில் கணக்குக்குள் நுழைய நேர்ந்தால் பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து நுழையுங்கள். வேலை முடிந்ததும் அதை மூடிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுங்கள்.

லாக் ஆன போனிலும் இரண்டு ஓட்டைகள்

போன் லாக் ஆகியிருந்தாலும், திரையை மேலிருந்து கீழே இழுத்தால் பல போன்களில் மொபைல் டேட்டா, ஏர்பிளேன் மோடு பட்டன்கள் தெரியும். திருடன் முதலில் அழுத்துவது அதைத்தான். இன்டர்நெட் போய்விட்டால் நீங்கள் அனுப்பும் எந்தக் கட்டளையும் போனுக்குப் போய்ச்சேராது. சாம்சங் போன்களில் Settings > Lock screen பகுதியில் Secure lock settings என்பதற்குள் Lock network and security என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால், லாக் ஆன நிலையில் இந்தப் பட்டன்களை இயக்க பின் கேட்கும். வேறு நிறுவனப் போன்களில் இதே வசதி வெவ்வேறு பெயர்களில் இருக்கும், சிலவற்றில் இல்லாமலும் இருக்கும். உங்கள் போனை லாக் செய்துவிட்டு, திரையை இழுத்து ஏர்பிளேன் மோடை அழுத்திப் பாருங்கள். பின் கேட்காமல் ஆன் ஆனால் திருடனாலும் அதைச் செய்ய முடியும்.

இரண்டாவது ஓட்டை சிம் கார்டு. போன் எவ்வளவு பத்திரமாகப் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போகும். இதைத் தடுப்பது சிம் பின். Settings தேடலில் SIM lock என்று டைப் செய்தால் வரும். அதை ஆன் செய்தால், சிம்மை வேறு போனில் போட்டவுடன் பின் கேட்கும். ஆன் செய்யும்போது முதலில் பழைய பின்னைக் கேட்கும். அது ஒவ்வொரு நெட்வொர்க் நிறுவனத்துக்கும் வேறுபடும். ஊகித்துப் போட வேண்டாம். 3 முறை தவறாகப் போட்டால் சிம் லாக் ஆகி, பியூகே எண் இல்லாமல் திறக்காது. கஸ்டமர் கேரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சிம் பின் வைப்பதில் ஒரு பாதகமும் உண்டு. திருடன் போனை ஆஃப் செய்து ஆன் செய்தால், சிம் பின் போடாத வரை மொபைல் டேட்டா வராது. அதன்பிறகு ரிமோட் லாக்கோ அழிக்கும் கட்டளையோ போனை எட்டாமல் போகலாம். ஒருபக்கம் ஓடிபி பத்திரம், மறுபக்கம் போனைத் தேடும் வாய்ப்பு குறைவு. வங்கிக் கணக்கும் யுபிஐயும் அந்த எண்ணில்தான் இருக்கிறது என்றால் சிம் பின் வைப்பதே நல்லது. போனை விட வங்கிக் கணக்கில் இருப்பது பெரிது.

கூடவே, லாக் திரையில் மெசேஜ் முழுவதும் தெரியாதபடி நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போனைத் திறக்காமலே ஓடிபியைப் படித்துவிடலாம்.

போன் போய்விட்டது. எதை முதலில் செய்ய வேண்டும்?

பலரும் முதலில் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து சிம்மை பிளாக் செய்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போனுக்கு இன்டர்நெட் தருவதே அந்த சிம்தான். அதை முடக்கினால் லாக் கட்டளை போய்ச்சேரும் வழியை நாமே மூடிவிடுகிறோம். அதனால் வரிசை முக்கியம்.

அந்த மாணவி எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 6.40க்கு பறிப்பு. ரயில் மாம்பலத்தை அடையும் முன்பே பக்கத்தில் இருப்பவரிடம், "அண்ணா, ஒரு நிமிஷம் உங்க போன் தர்றீங்களா?" என்று வாங்கி android.com/lock பக்கத்தில் தன் எண்ணைக் கொடுக்கிறார். வாட்ஸ்அப் திறந்த நிலையில் பறிபோன திரை பூட்டப்படுகிறது.

மாம்பலத்தில் இறங்கியதும் அதே போனில் இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து, பர்ஸில் இருந்த பேக்கப் கோடைப் போட்டு ஃபைண்ட் ஹப்புக்குள் போகிறார். வரைபடத்தில் போன் இருக்கும் இடம் சைதாப்பேட்டை நிலையத்துக்கு அருகில் ஒரு வட்டமாகத் தெரிகிறது. Mark as lost கொடுத்து, திரையில் அம்மாவின் எண் தெரியும்படி செய்கிறார். இடம் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவின் எண்ணுக்கு அனுப்புகிறார்.

இதன்பிறகுதான் சிம்மை பிளாக் செய்யும் அழைப்பு. அடுத்து வங்கிக்கு அழைத்து யுபிஐ, மொபைல் பேங்கிங்கை நிறுத்தச் சொல்கிறார். பிறகு ரயில்வே போலீசில் புகார். லாக் செய்ய முடியவில்லை, கட்டளை போகவில்லை என்றால் 5 நிமிடத்துக்கு மேல் அதிலேயே முயன்றுகொண்டிருக்காமல் உடனே சிம்மையும் வங்கிக் கணக்கையும் முடக்கிவிட வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

வரைபடத்தில் தெரியும் வட்டத்தை நம்பி நேரில் தேடிப் போக வேண்டாம். அந்த வட்டத்துக்குள் பல வீடுகள் இருக்கலாம். எந்த வீடு என்று ஃபைண்ட் ஹப் சொல்லாது. வீட்டுக் கதவைத் தட்டினால் அப்பாவியிடம் சண்டை, இல்லாவிட்டால் திருடனிடம் ஆபத்து. ஸ்கிரீன்ஷாட்டைப் போலீசிடம் கொடுப்பதே சரி.

எப்போது அழிக்க வேண்டும்?

Factory reset கடைசி ஆயுதம். அழித்துவிட்டால் அதன்பிறகு ஃபைண்ட் ஹப்பில் போன் இருக்கும் இடம் தெரியாது. போன் கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்று முடிவு செய்த பிறகு, அல்லது பின் நம்பர் திருடனுக்குத் தெரிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் உடனே செய்யலாம். போன் ஆஃப்லைனில் இருந்தால், அடுத்து இன்டர்நெட் கிடைக்கும்போது அழியும். மெமரி கார்டில் உள்ளவை அழியாமல் போகலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பதற்றத்தில் சிலர் கூகுள் கணக்கின் டிவைஸ் பட்டியலுக்குப் போய் தொலைந்த போனை சைன் அவுட் செய்துவிடுகிறார்கள். அதைச் செய்தால் ஃபைண்ட் ஹப்புக்கும் போனுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும்.

ஐஎம்இஐ எண்ணை இன்றே குறித்து வைப்பது ஏன்?

ஃபைண்ட் ஹப்பால் முடியாத ஒன்றை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் செய்கிறது. 2023 மே மாதம் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில், தொலைந்த போனின் ஐஎம்இஐ எண்ணை பிளாக் செய்யலாம். அதன்பிறகு வேறு சிம் போட்டாலும் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்த போன் வேலை செய்யாது. பிளாக் செய்வதால் போலீசார் போனைத் தேடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

இதற்கு போலீஸ் புகார் நகல், 15 இலக்க ஐஎம்இஐ எண், ஓடிபி வரும் மொபைல் எண் ஆகியவை தேவை. அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிய பிறகே விண்ணப்பிக்க முடியும். புதிய சிம்மில் எஸ்எம்எஸ் வர 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் மறுநாள்தான் வேலை முடியும். sancharsaathi.gov.in என்ற முகவரியில் விண்ணப்பிக்கலாம். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் அன்பிளாக் செய்த பிறகு பயன்படுத்த வேண்டும்.

போன் கையில் இல்லாதபோது ஐஎம்இஐ எண்ணை எங்கே தேடுவது? போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் இப்போதே போனில் *#06# டயல் செய்தால் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பேக்கப் கோடு எழுதிய அதே தாளில் எழுதி வையுங்கள்.

ஐபோனில் எப்படி?

Settings பக்கத்தில் மேலே உங்கள் பெயரை அழுத்தி Find My > Find My iPhone என்று போங்கள். அதில் Find My network, Send Last Location இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் வரும் ஓடிபி சிக்கல் இங்கே குறைவு. icloud.com/find பக்கத்தில் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு மட்டும் போதும், போனுக்கு வரும் கோடு தேவையில்லை. ஆகவே அந்தப் பாஸ்வேர்டை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பதே முக்கியம்.

Face ID & Passcode பகுதியில் Stolen Device Protection என்பதை ஆன் செய்யுங்கள். ஐஓஎஸ் 17.3 முதல் இது கிடைக்கிறது. உங்கள் பாஸ்கோடு திருடனுக்குத் தெரிந்தாலும், வீடு, அலுவலகம் போன்ற வழக்கமான இடங்களுக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற உங்கள் முகமோ கைரேகையோ கேட்கும். 1 மணி நேரம் காத்திருக்கவும் வைக்கும். அதே பகுதியில் Allow Access When Locked என்பதற்குக் கீழே Control Center-ஐ ஆஃப் செய்தால், லாக் ஆன போனில் ஏர்பிளேன் மோடு போட முடியாது.

ஐபோன் தொலைந்த சில நாட்களில் "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இடத்தைப் பார்க்க இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று திரையில் காட்டிய தொடர்பு எண்ணுக்கு மெசேஜ் வரலாம். அந்த லிங்க்கில் பாஸ்வேர்டு கேட்டால் அது திருடன் வைக்கும் வலை. பாஸ்வேர்டு கிடைத்தால் போனை உங்கள் கணக்கில் இருந்து நீக்கி விற்றுவிடலாம் என்பதே அவர்கள் நோக்கம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களும் இப்படி வரும் மெசேஜ்களை நம்ப வேண்டாம். வீட்டில் யாருடைய எண்ணைத் திரையில் காட்டுகிறீர்களோ, அவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அந்த மெசேஜ் வருவது அம்மாவின் போனுக்குத்தான்.